புதுப்பிப்பு: திருகோணமலை விடுதி விமர்சனம்

முன்பு கேட்டது: “நிலாவெளி விடுதி பற்றி எழுதியதைக் கூகுள் மேப்ஸ் நீக்கிவிட்டது. எதை வெட்டினால் நிற்கும்?”

முகாமையாளரின் பெயரையும் கைபேசி இலக்கத்தையும் எடுத்தால் போதும் என்றார் ஒரு தம்பி. பாதிதான் சரி. முன்பு விடுதி நடத்திய அக்காதான் விளங்கப்படுத்தினார்: “நடந்ததை எழுதுங்கள். ‘திருடன்’ என்பது நீங்கள் கண்டதல்ல, உங்கள் தீர்ப்பு.”

“காசைத் திருடினார்கள்” என்ற வரி இப்போது இப்படி: “அறைக்கு 9,000 ரூபாய் என்றார்கள். பற்றுச்சீட்டில் 11,500. காரணம் கேட்டேன், சொல்லவில்லை.” முன்பைவிட இதுவே உறைக்கிறது.

பற்றுச்சீட்டுப் படத்தில் என் அடையாள அட்டை இலக்கமும் தெரிந்தது, அதையும் மறைத்தேன்.



திருத்திப் போட்ட விமர்சனம் ஐந்து நாளாக நிற்கிறது. எனக்கு மட்டும் தெரிகிறதோ என்று தங்கையின் கைபேசியிலும் பார்த்துவிட்டேன். விடுதிக்காரர் இன்னும் முறையிடலாம்.