ரீட்வீட் படத்தின் நடுவில் நிற்பவர்தான் பிரசாரத்தைப் பரப்பியவரா?

கயல்: ஒரு ஹேஷ்டேக் பிரசாரத்தின் ரீட்வீட்களை Gephi என்ற வலைப்பின்னல் வரையும் மென்பொருளில் போட்டேன். நடுவில் ஒரே கணக்கு, சுற்றிலும் நூற்றுக்கணக்கான அம்புகள். இவர்தான் பரப்பினார் என்று எழுதலாமா?

சேந்தன்: தாராளமாக. அம்பு குவியும் இடத்தில்தான் செல்வாக்கு. சந்தேகமிருந்தால் betweenness என்ற அளவைக் கணக்கிடுங்கள், மற்றவர்களுக்கு இடையே பாலமாக இருந்தவர்கள் தெரிவார்கள். படம் நெரிசலாக இருந்தால் ஒரே இணைப்புள்ள கணக்குகளை வடிகட்டிவிடுங்கள்.

நாச்சியார்: பாலத்தைத் தேடச் சொன்னது சரி, சேந்தன். ஆனால் இந்தத் தரவில் பாலமே பதிவாவதில்லை. ட்விட்டர் தரவின் பழைய வடிவில் `retweeted_status` என்ற புலம் எப்போதும் மூலப் பதிவையே காட்டும். யார் பகிர்ந்ததைப் பார்த்து ஒருவர் பகிர்ந்தார் என்பது அதில் இராது.

10:00 மணிக்கு அ எழுதுகிறார். 10:04-க்கு ஆ பகிர்கிறார். 10:09-க்குள் இ, ஈ, உ பகிர்கிறார்கள். இ, ஈ இருவரும் ஆ-வைப் பின்தொடர்கிறார்கள், அ-வை இல்லை. ஆனாலும் நான்கு அம்புகளும் அ-வையே போய்ச் சேரும். ஆ-வுக்கு வரும் அம்பு 0, betweenness-உம் 0. உங்கள் வடிகட்டி முதலில் தூக்குவதும் அவரைத்தான்!

கயல், ரீட்வீட்களை நேர வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொருவரும் பின்தொடரும் ஆட்களில் யார் அவருக்கு முன்பே பகிர்ந்திருக்கிறார் என்று பாருங்கள். அவர்களில் கடைசியாகப் பகிர்ந்தவரை நோக்கி அம்பை வரையுங்கள். அப்போது ஆ தெரிவார்.

முத்து: என்னிடம் 6,200 வரிகள் உள்ளன, கணக்குப் பெயரும் ஹேஷ்டேக்கும் மட்டும். எங்கள் ஹேஷ்டேக் ஏன் ட்ரெண்ட் ஆகவில்லை என்று இதில் தெரியுமா?

நாச்சியார்: தெரியாது முத்து, அது வேறு கேள்வி. யார் எத்தனை முறை எழுதினார் என்று எண்ணலாம், அவ்வளவுதான். பரவிய வழியைப் பார்க்கவே நேரமும் மூலப் பதிவின் எண்ணும் வேண்டும்.

சேந்தன்: உ என்பவர் அ, ஆ இருவரையும் பின்தொடர்ந்தால்? கடைசியாகப் பகிர்ந்தவர் என்பது வெறும் ஊகம். நேர வரிசைப்படி வராத டைம்லைனில் அவர் அ-வின் பதிவையே பார்த்திருக்கலாம்.

நாச்சியார்: ஊகம்தான். அதனால் ஒரே எண்ணாகச் சொல்லக் கூடாது. கடைசியாகப் பகிர்ந்தவர் என்று வைத்தால் ஆ வழியாக 3 பேர், முதலில் பகிர்ந்தவர் என்று வைத்தால் 2 பேர். இரண்டையும் எழுதுங்கள். முன்பே பகிர்ந்த யாரையுமே பின்தொடராமல் ஹேஷ்டேக் தேடலில் வந்தவர்களைத் தனியே எண்ணுங்கள். அவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் இந்த முறையே கைகொடுக்காது.

ஓரத்தில் இருப்பவர்களை வெட்டுவதை மட்டும் ஒப்பவே மாட்டேன். துருக்கியில் 2013-இல் நடந்த கெசி பூங்காப் போராட்டத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வந்த கட்டுரை, விளிம்பிலிருந்த கணக்குகளின் மொத்தப் பங்கு மையத்தின் பங்கோடு ஒப்பிடத்தக்க அளவில் இருந்ததாகக் காட்டியது.

சேந்தன்: வடிகட்டியைக் கைவிடுகிறேன். ஆனால் நீங்கள் இன்று எடுக்கும் பின்தொடர்வோர் பட்டியல் அன்று இருந்ததல்ல. பிரசாரத்துக்குப் பிறகு ஆ-வைப் பின்தொடர ஆரம்பித்தவர்களும் அவர் கணக்கில் ஏறிவிடுவார்கள்.

நாச்சியார்: ஏறுவார்கள். பிரசாரம் ஓடும்போதே பட்டியலை எடுத்து வைக்காவிட்டால் அதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியவில்லை.