ஆடியில் தினமும் ரீல் போட்டும் விசாரிப்பே இல்லை, வேறு என்ன போடலாம்? (கல்யாண போட்டோகிராபி, மதுரை)

ஆனையூர் ஸ்டூடியோ:
ஏழு வருசமா கல்யாணம் எடுக்கிறேன், நானும் ஒரு தம்பியும்தான். ஆனி கடைசி முகூர்த்தத்தோட கேமரா பைக்குள்ள போயிருச்சு. சும்மா இருக்கோமேன்னு இன்ஸ்டாகிராம்ல தினமும் ஒரு ரீல், பூராம் வைகாசியில எடுத்தது. கூடவே "ஆடி தள்ளுபடி"ன்னு ஒரு போஸ்டர். லைக் வருது, அதுவும் மத்த போட்டோகிராபர்கள்கிட்ட இருந்து. இருபது நாள்ல ஒரே ஒரு விசாரிப்பு: பாஸ்போர்ட் சைஸ் எடுப்பீங்களான்னு. என்ன தப்பு பண்றேன்?

செல்லூர் கேண்டிட்:
புது ஷூட் இல்லாம பழசையே போட்டா அப்படித்தான் ப்ரோ. ஆனியில கல்யாணமான ஜோடி நாலு பேரைக் கூப்பிட்டு, கீழக்குயில்குடி சமணர் மலை தாமரைக் குளத்துல ஃப்ரீயா எடுத்துக் குடுங்க. ஒரு மாசத்துக்குச் சரக்கு ஆச்சு.

ஆல்பம் டிசைன் அக்கா:
தம்பி, தலை ஆடிக்குப் பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. மாப்பிள்ளை ஒரு ஊர், பொண்ணு ஒரு ஊர். ஜோடியா போஸ் குடுங்கன்னு போன் போட்டா ரெண்டு வீட்லயும் திட்டு விழும். ஆவணி பிறந்ததும் கேளுங்க. அதுவரை பாக்கி ஆல்பத்தை முடிச்சுக் குடுங்கப்பா, என் டேபிள்லயே உங்க ஆளுங்க வேலை ஒன்பது கிடக்கு.

டிராவல்ஸ் பழனி ரோடு:
எங்களுக்கு ஆடி டல் இல்லையே. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம், பௌர்ணமிக்கு அழகர்கோவில் தேர், வெள்ளிக்கெல்லாம் அம்மன் கோயில் ட்ரிப். வேன் பத்தல. நீங்களும் கோயில் போட்டோ போடலாமே?

ஆனையூர் ஸ்டூடியோ:
அண்ணே, கோயில் போட்டோவுக்கு லைக் வரும், கல்யாண ஆர்டர் வருமா?

பழைய ஃபிலிம் ரோல்:
தம்பி, ரீலை விடுங்க. பில் புக்கை எடுங்க. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ரெண்டு தேதி எழுதுங்க: கல்யாணம் என்னைக்கு, அட்வான்ஸ் என்னைக்கு வாங்குனீங்க. அதோட, முதல் போன்ல அவங்க என்ன கேட்டாங்கன்னு ஞாபகம் இருந்தா அதையும். எழுதிட்டு வாங்க, பேசுவோம்.

ஆனையூர் ஸ்டூடியோ:
பார்த்தேன். போன ஆவணியில ஆறு கல்யாணம். அஞ்சுக்கு ஆனியிலேயே அட்வான்ஸ், ஒண்ணு ஆடி முதல் வாரம். தையில ஒன்பது, ஒண்ணு புரட்டாசி, ஆறு ஐப்பசி, ரெண்டு கார்த்திகை. முதல் போன்ல பாதிப் பேர் கேட்டது, "எங்க மண்டபத்துல நீங்க எடுத்திருக்கீங்களா"ன்னு. இதை நான் கவனிச்சதே இல்லை.

பழைய ஃபிலிம் ரோல்:
விசயம் அதுலயே இருக்கு. இப்ப ஆடி நடுவுல ஆவணிக்காரங்க ஏற்கனவே ஆள் பிடிச்சாச்சு, தைக்காரங்களுக்கு இன்னும் பொண்ணே அமைஞ்சிருக்காது. யாருக்குத் தள்ளுபடி குடுக்கறீங்க? அது தைக்காரங்க கண்ணுல பட்டா, மார்கழி முடிஞ்சும் அதே ரேட் கேப்பாங்க.

முதல்ல மண்டபத்தைப் பிடிக்கிறாங்க, பிறகுதான் நம்மைத் தேடுறாங்க. அதனால ஹார்டு டிஸ்கை மாசவாரியா பார்க்காம மண்டபவாரியா பிரிங்க. ஒரு மண்டபத்துக்கு ஒரு போஸ்ட், ஆறு படம் போதும். மேடை, தாலி கட்டுற நேரத்துல முன்னால நிக்கிற கூட்டம், பந்தி, வாசல். கீழே மண்டபம் பேரு, ஏரியா, முகூர்த்த நேரம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதுங்க. கூடவே அங்க எடுத்தவனுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வரி. நான் போட்டது ஒண்ணு சொல்றேன்: "மேடைக்குப் பின்னால எல்.இ.டி. திரை. அதை ஆன் பண்ணா படத்துல பட்டை பட்டையா கோடு விழும். முகூர்த்தத்துக்கு மட்டும் அணைக்கச் சொல்லிப் பூ அலங்காரம் வைங்க." அந்தப் பதிவைப் பார்த்துட்டுப் பொண்ணோட அப்பாவே போன் பண்ணாரு. இதையே கூகுள் பிசினஸ் பக்கத்துலயும் ஏத்துங்க, பெரியவங்க தேடுறது அங்கதான்.

ஆடியில பத்து, பன்னெண்டு தயார் பண்ணி வைங்க. வாரம் ஒண்ணு போதும், புரட்டாசி பாதியிலிருந்து வாரம் ரெண்டு. ஐப்பசியில நீங்க மேடையில நிக்கும்போது உட்கார்ந்து எழுத நேரம் ஏது?

ஆல்பம் டிசைன் அக்கா:
போடறதுக்கு முன்னால பொண்ணு வீட்டுல ஒரு வார்த்தை கேளுங்க. மாப்பிள்ளை சரின்னு சொன்னாருன்னு ஒருத்தர் ஏத்திட்டாரு, பொண்ணோட அண்ணன் வந்து ஸ்டூடியோவுல சத்தம் போட்டுட்டுப் போனாரு. ஆல்பம் குடுக்கும்போதே வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கோங்க.

செல்லூர் கேண்டிட்:
அப்ப ரேட்டையும் போட்டுரலாமா? அதைத்தானே எல்லாரும் முதல்ல கேக்குறாங்க.

பழைய ஃபிலிம் ரோல்:
நான் போட மாட்டேன். அடுத்த தெருக்காரன் அதுல ரெண்டாயிரம் குறைச்சுப் போடுவான்.

செல்லூர் கேண்டிட்:
நான் போட்டேன், வெட்டி போன் பாதியா குறைஞ்சுச்சு. எனக்கு அதுதான் சரியா வருது.

ஆனையூர் ஸ்டூடியோ:
தள்ளுபடி போஸ்டரை எடுத்துட்டேன். டிஸ்கைப் பிரிச்சதுல பதினாலு மண்டபம் தேறுது. நாலுல பந்தி படமே இல்லை, மேடை மட்டும்தான். ஆவணியில அதே மண்டபம் ரெண்டு வருது, தம்பியைப் பந்திப் பக்கம் நிறுத்தணும். திருப்பரங்குன்றம் கோயில்ல நடந்த கல்யாணங்களை மண்டபக் கணக்குல சேர்க்கிறதா, தனியா போடறதா? அது மட்டும் யாராவது சொல்லுங்க.