இறைவரி மீளாய்வுக் கடிதம் எழுதின அனுபவம் உள்ளவை உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. மல்லாவியில பலசரக்குக் கடை வைத்திருக்கிற சித்தப்பாவுக்கு இறைவரி மதிப்பீட்டு அறிவித்தல் வந்திருக்கு. 2023/24 ஆண்டுக்கு விபரத்திரட்டு கொடுக்காததால, வங்கியில போட்ட 60 இலட்சத்தையும் வருமானமாக எடுத்து, 12 இலட்சத்து 78 ஆயிரம் ரூபா வரி கேட்டிருக்கினம். அது முழுக்க விற்பனைக் காசு. சரக்கு எடுத்த செலவும் வாடகையும் போக மிஞ்சினது 8 இலட்சம்தான். அந்த ஆண்டுக்கான 12 இலட்ச விலக்குக்குள்ளேயே நிக்குது.

கடிதம் கிடைச்சு 30 நாளுக்குள்ள ஆணையாளர் நாயகத்துக்கு எழுத்தில மீளாய்வு கேட்கவேணும். விபரத்திரட்டையும் கொள்வனவு பில்லுகளையும் இணைச்சுப் பதிவுத் தபாலில அனுப்பப்போறம். ஆனா லொறிக்காரரிட்டக் காசுக்கு வாங்கின அரிசி, தேங்காய்க்குப் பில் இல்லை. திகதி, மூட்டை, விலை எல்லாம் சித்தப்பா கொப்பியில எழுதி வைச்சிருக்கிறார். அந்தக் கொப்பி காணுமோ, லொறிக்காரரிட்டயும் கடிதம் வாங்கவேணுமோ? தெரிஞ்சவை கெதியாச் சொல்லுங்கோ.