எட்டு மணி நேரம் டியூப்லைட்டில் வைத்தும் ஓடாத சோலார் வாட்ச்

பரணி:
ஜி-ஷாக் 5610 வைத்திருக்கிறேன். பீரோவில் பெட்டிக்குள்ளேயே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது. உள்ளே வைக்கும்போதே சார்ஜ் குறைவு என்று L காட்டியதாக ஞாபகம். இப்போது எடுத்தால் திரையில் ஒன்றுமே இல்லை. நேற்று ராத்திரி முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தேன், அசையவில்லை. பேட்டரி மாற்றிவிடலாமா?

ராயபுரம் செல்வா:
மாற்றிவிடு தம்பி. கையேட்டிலேயே 'டியூப்லைட்டில் எட்டு மணி நேரம்' என்று போட்டிருக்கிறது. எட்டு மணி நேரம் கொடுத்தும் எழவில்லை என்றால் பேட்டரி செத்துவிட்டது. இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

பழையமுள்:
இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. செல்வா சார், அந்த எட்டு மணி நேரம் ஓடுகிற வாட்ச்சுக்குச் சொன்னது. ஒரு நாள் ஓடச் செலவாகும் சார்ஜைத் திரும்ப ஏற்ற, 500 லக்ஸ் வெளிச்சத்தில் எட்டு மணி நேரம் ஆகும். அதே அளவு சார்ஜ் நல்ல வெயிலில் ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும், ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் 24 நிமிடம். அது வெறும் தினச் செலவுக் கணக்கு. அடியோடு காலியான பேட்டரியை எழுப்புவதற்கு அதே கையேட்டில் அடுத்த அட்டவணை இருக்கிறது. அங்கே டியூப்லைட் வரிசை நூறு மணி நேரத்தைத் தாண்டும். மேல் கட்டங்களில் எண்ணே இல்லை, கோடு மட்டும்தான். ஒரு ராத்திரி வைத்துவிட்டு 'செத்துவிட்டது' என்று சொல்வது, பசியில் மயங்கி விழுந்தவனுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுத்துவிட்டு அவன் எழுந்து ஓடவில்லையே என்று கேட்பது போல.

பரணி, பேட்டரியில் கை வைக்காதே. நாளைக் காலையில் வெயிலில் வை.

ராயபுரம் செல்வா:
எட்டு மணி நேரம் என்று அச்சிலேயே இருக்கிறது என்கிறேன். நான் கட்டியிருக்கும் வாட்ச் ஆறு வருடமாக ஆபீஸ் டியூப்லைட்டில்தான் ஓடுகிறது. ஒரு நாள்கூட வெயிலில் வைத்ததில்லை. எப்போது பார்த்தாலும் சார்ஜ் நிறைய இருக்கிறது என்று H.

பழையமுள்:
உங்கள் வாட்ச் H காட்டுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆபீஸ் மேசை மேல் 500 லக்ஸ் கிடைக்கும். தினமும் எட்டு மணி நேரம் அதன் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள், வரவும் செலவும் சரியாகப் போகிறது. பரணி வைத்தது வீட்டில். சுவரின் உச்சியில் இருக்கும் ஒற்றை டியூப்லைட், கீழே கட்டிலில் வாட்ச். அங்கே 100, 150 லக்ஸ் வந்தாலே அதிகம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும், வாட்ச்சுக்கு அப்படி இல்லை.

கண்ணன்77:
இது ஸ்லீப்பில் போயிருக்கும் போல. என் போனில்கூட ஸ்லீப் மோடு இருக்கிறது, செட்டிங்ஸில் போய் நிறுத்திவிட்டால் சரியாகிவிடும். பரணியும் அப்படிச் செய்து பார்க்கலாமே?

பழையமுள்:
கண்ணன், திரையே இல்லாத வாட்ச்சில் எந்த செட்டிங்ஸுக்குள் போவது? ஆனால் நீங்கள் தொட்ட இடம் முக்கியமானது, அதனால் சொல்கிறேன். இந்த வாட்ச் இரண்டு கட்டமாகத் தூங்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் இருட்டில் ஒரு மணி நேரம் கிடந்தால் எண்கள் அணையும், சார்ஜை மிச்சப்படுத்துகிறது என்பதற்கு அடையாளமான PS மட்டும் மினுக்கும். ஆறேழு நாள் தொடர்ந்து இருட்டில் கிடந்தால் அந்த PS-ம் போய்விடும். திரை வெறுமையாக இருந்தாலும் உள்ளே நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தூக்கமா காலியா என்று கண்டுபிடிப்பது சுலபம். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒரு பட்டனை அழுத்த வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தால் ஓரிரண்டு வினாடியில் சரியான நேரத்தோடு எழும். முழுக்கக் காலியாகிவிட்டால் பட்டனுக்கு எதுவும் வராது, பிறகு சார்ஜ் ஏறி எழும்போதும் பழைய நேரம் இருக்காது. பரணி, நீ பட்டனை அழுத்தினாயா?

பரணி:
நான்கையும் அழுத்தினேன் அண்ணா. ஒன்றும் வரவில்லை.

பழையமுள்:
அப்படியென்றால் காலி. முழு சார்ஜில் வைத்திருந்தால் இந்த ஒரு வருடத்தைத் தூங்கியே கடந்திருக்கும். L-ல் இருந்ததை இருட்டில் போட்டாய், அதுதான் வினை.

அனுராதா வி:
என் கதையையும் சொல்கிறேன். என்னுடையது சிட்டிசன் ஈகோ-டிரைவ், முள் வாட்ச். மழைக்காலத்தில் முழுக்கைச் சட்டைக்குள்ளேயே இருந்தது. திடீரென்று வினாடி முள் இரண்டிரண்டாகத் தாவ ஆரம்பித்தது. எங்கள் தெருக் கடையில் காட்டினேன். 'மெஷின் போச்சு மேடம், முழுசா மாத்தணும்' என்றார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். பிறகுதான் என் தங்கை பையன் சொன்னான், அது சார்ஜ் குறைவு என்று வாட்ச் தானே காட்டும் எச்சரிக்கையாம். ஜன்னலில் வைத்திருந்தாலே போதுமாம். இன்றுவரை ஆறவில்லை.

பழையமுள்:
பையன் சொன்னது சரி மேடம். அந்தத் தாவலில் நேரம் தப்பாது, இரண்டு வினாடிக்கு ஒருமுறை இரண்டு அடி வைக்கும், அவ்வளவுதான். அதைக் கவனிக்காமல் விட்டால் சில நாளில் அடியோடு நிற்கும். மெஷினை மாற்றச் சொன்ன ஆள் ஒரு பகல் ஜன்னலில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ராயபுரம் செல்வா:
கடைக்காரர்களைத் திட்டுவது சுலபம். பரணி, பேட்டரி சின்ன விலைதான். சிஆர் 1616 எந்தக் கடையிலும் கிடைக்கும், போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இரு.

பழையமுள்:
செல்வா சார்! உள்ளே இருப்பது சிடிஎல் 1616. சார்ஜ் ஏறும் வகை, 2.3 வோல்ட். நீங்கள் சொல்வது 3 வோல்ட், ஒருமுறை தீர்த்துவிட்டுத் தூக்கிப் போடும் வகை. அளவு ஒன்றாக இருப்பதால் கச்சிதமாக உட்காரும், வாட்ச்சும் ஜோராக ஓடும். ஆனால் திரையைச் சுற்றி இருக்கும் சோலார் பலகை நாள் முழுக்க அதற்குள்ளும் மின்சாரத்தை ஏற்றப் பார்க்கும். ஏற்றக்கூடாத பேட்டரியில் ஏற்றினால் உப்பும், கசியும். அப்படிக் கசிந்து பச்சை பூத்த தகட்டை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். ஈகோ-டிரைவுக்கும் இதே கதைதான். எம்டி 621 இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவுள்ள சாதா வெள்ளி ஆக்சைடு பேட்டரியைப் போட்டு அனுப்புகிறார்கள்.

ராயபுரம் செல்வா:
நான் போட்டு இரண்டு வருடம் ஓடியது. கசியவில்லை.

பழையமுள்:
ஆறு வருடமாக டியூப்லைட்டில் ஓடும் வாட்ச் என்றீர்கள். அது பேட்டரி மாற்றிய வாட்சா, மாற்றாத வாட்சா?

ராயபுரம் செல்வா:
அது வேறு வாட்ச்.

துபாய் கரீம்:
வெயிலில் வை, வெயிலில் வை என்கிறீர்களே, எத்தனை நேரம் என்று சொல்லுங்கள். நான் காரின் டாஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கினேன். திரும்பி வந்தபோது திரை முழுக்கக் கறுப்பு. தொட்டால் கை சுட்டது. நிழலில் ஆறியதும் கறுப்பு மறைந்தது, ஆனால் அன்று என் உயிர் போய் வந்தது. இங்கே வெயில் ஊரில் இருக்கிற மாதிரி கிடையாது.

பழையமுள்:
கரீம் பாய் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாட்ச்சுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் போனால் பேட்டரிக்கும் திரைக்கும் கெடுதல். மூடிய காரும் குண்டு பல்பின் அடியும் கூடாது. காலை எட்டு மணிக்குள் வரும் வெயில், அல்லது நேர் வெயில் விழாத பிரகாசமான ஜன்னல் ஓரம். டயல் மேலே பார்த்தபடி இருக்கட்டும். அவ்வப்போது தொட்டுப் பார், கை பொறுக்காத சூடு என்றால் உள்ளே எடுத்துவிடு.

துபாய் கரீம்:
கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டு வெயிலில் வைப்பேன். சூடே ஏறாது.

பழையமுள்:
ரப்பர் வளையம் புதிதாக இருந்தால் சரி. பின் மூடியை ஒருமுறை திறந்து மூடிய வாட்ச்சைப் போட்டால் உள்ளே ஆவி பூக்கும்.

துபாய் கரீம்:
200 மீட்டர் ஆழம் தாங்குகிற வாட்ச் ஒரு டம்ளர் தண்ணீரைத் தாங்காதா?

ராயபுரம் செல்வா:
அதுதானே! இவர் சொன்னால் மட்டும் சரி, மற்றவர்கள் கண்ணால் பார்த்தது எல்லாம் தப்பு.

பரணி (மூன்று நாள் கழித்து):
மூன்று காலை வெயிலில் வைத்தேன், ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம். முதல் நாளே சார்ஜ் ஏற்றச் சொல்லும் C மினுக்கியது. இப்போது எண்கள் வந்துவிட்டன, ஆனால் நேரம் தப்பு, ஊர் TYO என்று இருக்கிறது. லைட் பட்டனை நாலைந்து முறை அழுத்தினேன், R மினுக்கியது, லைட் எரியவில்லை.

பழையமுள்:
எழுந்துவிட்டது! முழுக்கக் காலியானதில் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிட்டது, அதனால்தான் நேரமும் தப்பு, ஊரும் TYO. ஊரை DEL என்று மாற்றி நேரத்தை வை. டோக்கியோவிலேயே விட்டால் ராத்திரிதோறும் ஜப்பான் ரேடியோ அலையைத் தேடிப் பார்க்கும். நம் ஊருக்கு அது எட்டாது, இருக்கிற கொஞ்ச சார்ஜும் வீணாகும்.

R வந்தது நீ லைட்டை அடுத்தடுத்து அழுத்தியதால். கொஞ்ச நேரத்தில் அதிகம் இழுத்ததால் பேட்டரி இறங்கி, மற்ற வேலைகளை நிறுத்தி வைத்திருக்கிறது. தானே திரும்பும். ஒரு வாரம் லைட்டைத் தொடாதே.

ராயபுரம் செல்வா:
நாலு தடவை லைட் போட்டதும் மயங்குகிற பேட்டரி நல்ல பேட்டரியா? நான் முதல் நாளே சொன்னது இதைத்தான். செத்ததுதான், இப்போது இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

பழையமுள்:
C-யிலிருந்து இப்போதுதான் ஏறி வந்த பேட்டரி அது. நடு அளவு சார்ஜைக் காட்டும் M வரட்டும், அப்புறம் லைட்டைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாதம் தினமும் வெளிச்சம் கொடுத்தும் L-ஐத் தாண்டாமல் நின்றால், நீண்ட நாள் காலியாகக் கிடந்ததில் பேட்டரி பலம் இழந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு மாற்றலாம். அப்போதும் சிடிஎல் 1616 மட்டும்தான். போட்டதும் உள்ளே ஏசி என்று பொறித்த புள்ளியையும் பேட்டரியின் மேல்தகட்டையும் இடுக்கியால் இரண்டு வினாடி சேர்த்துத் தொட வேண்டும், அதைச் செய்யாத கடையில் கொடுக்காதே.

ராயபுரம் செல்வா:
ஒரு மாதம் கழித்து மாற்றப்போவதை இன்றே மாற்றினால் என்ன குறை? எட்டு மணி நேரம் என்று கையேடு சொல்கிறது, இவர் ஒரு மாதம் என்கிறார்.

பழையமுள்:
மறுபடியும் எட்டு மணி நேரமா! சார், அது ஒரு நாள் செலவுக்கு. ஓடுகிற வாட்ச்சுக்கு.

அனுராதா வி:
பரணி, எதற்கும் கடைக்குப் போகும் முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போ.

ராயபுரம் செல்வா:
கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன். எட்டு மணி நேரம் என்று எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

பழையமுள்:
போடுங்கள். அதற்கடுத்த அட்டவணையையும் சேர்த்துப் போடுங்கள்.