குழைவான வெண்பொங்கலுக்கு அரிசி, பருப்பு, தண்ணீர் எவ்வளவு?

மான்செஸ்டர் புதுவரவு: கையில் இருந்த பாசுமதி அரிசியில் வெண்பொங்கல் செய்தேன், இறக்கும்போது நன்றாக இருந்தது, தட்டில் போட்டதும் குழைவில்லாமல் கட்டி தட்டிவிட்டது. நெய் குறைந்ததுதான் காரணமா?

நியூஜெர்சி மாமி: நெய் மணத்தையும் வழவழப்பையும் தருமே ஒழிய, குழைவைத் தருவது தண்ணீரும் அரிசியின் வகையும்தான். பாசுமதி உதிரியாக வேகும் அரிசி. அதை விட்டுவிட்டு இந்தியக் கடைகளில் கிடைக்கும் சோனா மசூரி பச்சரிசியை வாங்குங்கள். ஒரு கப் அரிசிக்கு அரை கப் பாசிப்பருப்பு என்பது என் கணக்கு. பருப்பை வாசம் வரும் வரை மட்டும், நிறம் சிவக்காமல் வறுத்து, இரண்டையும் கழுவி, ஏழு கப் தண்ணீரும் உப்பும் ஒரு ஸ்பூன் நெய்யும் சேர்த்து ஐந்து லிட்டர் குக்கரில் மிதமான தீயில் ஆறு விசில் விடுங்கள். அந்த ஒரு ஸ்பூன் நெய், பருப்பு நுரைத்துப் பொங்கி விசில் வழியே வழிவதைக் குறைக்கும். ஆவி தானாக அடங்கியதும் திறந்து, சூடு ஆறுவதற்குள் கரண்டியால் மசியுங்கள். அப்போது கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் ஆற ஆற அது இறுகும். கெட்டியாகத் தெரிந்தால் கொதிக்கும் நீரைச் சேருங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

சிட்னி சமையல்காரர்: பாசுமதியிலும் வரும், தண்ணீரைக் கூட்டினால் போதும். பருப்பையும் அரிசிக்குச் சமமாகப் போட்டால் இன்னும் குழையும்.

நியூஜெர்சி மாமி: தண்ணீரைக் கூட்டினால் பாசுமதியும் மசியும் என்பது சரிதான், ஆனால் அதன் வாசம் மிளகு, நெய் வாசத்தோடு ஒட்டாது. பருப்பைச் சமமாகப் போட்டால் குழையத்தான் செய்யும். ஆனால் சுவை கிச்சடியின் பக்கம் போய்விடும்.

துபாய் அண்ணன்: எங்கள் வீட்டில் வெல்லம் போட்டால் அரிசி வேகாமலே நிற்கிறது, அதற்கு என்ன வழி?

நியூஜெர்சி மாமி: அது சர்க்கரைப் பொங்கல், தம்பி, அரிசி முழுவதும் வெந்த பிறகே வெல்லப்பாகு. இங்கே கேட்டிருப்பது வெண்பொங்கல்.

மான்செஸ்டர் புதுவரவு: மிளகையும் மீதி நெய்யையும் எப்போது சேர்ப்பது? இங்கே மின்சார அடுப்பு, தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கிறது.

நியூஜெர்சி மாமி: மசித்த பிறகுதான். மூன்று மேசைக்கரண்டி நெய்யை மிதமாகக் காய்ச்சி, முதலில் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு ஒரு ஸ்பூன். அது பொரிந்ததும் சீரகம், முந்திரி. கடைசியில் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். அணைத்த பிறகும் மின்சார அடுப்பின் தட்டு வெகுநேரம் சூடாகவே இருக்கும் என்பதால், முந்திரி பொன்னிறத்தை நெருங்கும்போதே சட்டியைத் தூக்கிச் சூடான பொங்கலில் கொட்டுங்கள். ஆறிய பொங்கலில் ஊற்றினால் நெய் கலக்காமல் மேலே தனியாக நிற்கும்.

சிட்னி சமையல்காரர்: மிளகை முழுதாக அரிசியோடு குக்கரில் போட்டால்தான் காரம் சாதத்தில் இறங்கும், பல்லில் மெத்தென்று கடிபடவும் செய்யும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வழக்கம்.

நியூஜெர்சி மாமி: காரம் இறங்கும், ஆனால் நெய்யில் பொரிந்த மணம் வராது. அதோடு, முழு மிளகு என்றால் என் பேரன் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவான்.