அமிழும் தட்டின் மேல் ஆண்டிசைட், முகட்டில் பசால்ட்: காரணம் எங்கே இருக்கிறது?

நிலவியல் மாணவி: கடல் தரை, சிலிக்கா குறைந்த கரிய எரிமலைப் பாறையான பசால்ட்டால் ஆனது. அந்தக் கடல்தரைத் தட்டு இன்னொரு தட்டின் அடியில் அமிழ்ந்து உருகுவதால்தான் எரிமலை உண்டாகிறது என்று என் பாடநூல் சொல்கிறது. பசால்ட் உருகினால் பசால்ட்தானே வரவேண்டும்? ஆண்டீஸிலும் ஜாவாவிலும் அதைவிடச் சிலிக்கா மிகுந்த ஆண்டிசைட் ஏன் வருகிறது? தட்டுகள் விலகும் நடுக்கடல் முகட்டிலும் ஹவாயிலும் மட்டும் பசால்ட் ஏன்?

கடலடி: பாறை முழுவதுமாக உருகுவதில்லை, ஒரு பகுதி மட்டும் உருகுகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். எளிதில் உருகும் பகுதியில் சிலிக்கா அதிகம் இருக்கும். ஆகவே அமிழ்ந்த பசால்ட் அரைகுறையாக உருகினால் அதைவிடச் சிலிக்கா மிகுந்த குழம்பே வரும். அதோடு கடலடி வண்டலும் தட்டின் முதுகில் ஏறிக்கொண்டு உள்ளே போகிறது. களிமண்ணும் மணலும் சிலிக்கா நிறைந்தவை. இவ்விரண்டும் சேர்ந்து உருகினால் ஆண்டிசைட் கிடைக்கிறது. முகட்டிலும் ஹவாயிலும் வண்டல் உள்ளே போவதில்லை, ஆகவே அங்கே பசால்ட். இதற்கு மேல் சிக்கலாக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

நுண்சீவல்: கடலடி அவர்கள் சொல்வதில் பாதி சரி. வண்டல் உள்ளே போகிறது என்பதற்கு நல்ல சான்றே உண்டு. வளிமண்டலத்தில் உருவாகும் பெரிலியம்-10 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு, கடலடி வண்டலில் படிந்து, தட்டோடு இறங்கி, எரிமலைக் குழம்பில் திரும்பி வருவதை அளந்திருக்கிறார்கள். அதன் அரைவாழ்வுக்காலம் சுமார் 14 லட்சம் ஆண்டுகள்தான் என்பதால் பழைய பாறையிலிருந்து அது வந்திருக்க முடியாது. ஆனால் அந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் குழம்பின் மூலத்தில் வண்டலின் பங்கு பெரும்பாலும் சில விழுக்காடுதான். சுவடு காட்ட அது போதும், சிலிக்காவை ஐம்பதிலிருந்து அறுபதுக்கு உயர்த்தப் போதாது.

தட்டு உருகுகிறது என்பதுதான் பெரிய சிக்கல். ஜாவாவுக்கு அடியில் இறங்கும் தட்டு பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கடலுக்கடியில் நெடுங்காலம் குளிர்ந்துபோன அந்தத் தட்டு, பூமியின் மேலோட்டுக்கு அடியில் தன்னைச் சுற்றியுள்ள பாறை அடுக்கான மேன்டிலையும் குளிர்வித்துக்கொண்டே இறங்குகிறது. அது பெரும்பாலும் உருகாமல் நீரை மட்டுமே விடுகிறது. பாம்புக்கல், ஆம்பிபோல் போன்ற நீர் ஏந்திய கனிமங்கள் அழுத்தம் ஏறும்போது சிதைகின்றன, வெளியேறும் நீர் மேலே உள்ள மேன்டிலுக்குள் ஏறுகிறது. நூறு கிலோமீட்டர் ஆழத்தில் உலர்ந்த மேன்டில் பாறை உருகத் தொடங்க 1450 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் வேண்டும். நீர் கலந்தால் ஏறத்தாழ 1000 பாகையிலேயே உருகத் தொடங்கும். ஆகவே உருகுவது தட்டு அல்ல, அதன் மேலிருக்கும் மேன்டில். முகட்டிலும் ஹவாயிலும் நீரின் துணை அவ்வளவாக இல்லை. சூடான மேன்டில் மேலெழும்போது அழுத்தம் குறைகிறது, அதனாலேயே உருகுகிறது.

இப்போது மாணவி கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். மேன்டில் எங்கே உருகினாலும் முதலில் வரும் குழம்பு பெரும்பாலும் பசால்ட்டாகவே இருக்கிறது. ஜாவாவுக்கு அடியிலும் அப்படித்தான். வேறுபாடு அதன் பிறகு வருகிறது.

போர்ட் பிளேர்வாசி: ஐயா, ஒரு ஐயம். நான் அந்தமானில் இருக்கிறேன். எங்கள் பாரன் தீவு தட்டு அமிழும் இடத்தில்தான் இருக்கிறது. 1787-இல் அது கனன்றதைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், நெடுங்காலம் அடங்கியிருந்து 1991-இல் மீண்டும் வெடித்தது. கப்பலிலிருந்து பார்த்தபோது கரை முழுவதும் கரிய லாவாவும் கரிய மணலுமாகத்தான் தெரிந்தது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் பசால்ட் என்று உடன் வந்த நிலவியலாளர் சொன்னார். தலைப்பே தவறு என்று இதை வைத்துச் சொல்லலாமா?

நுண்சீவல்: தலைப்பு தவறில்லை, பொதுப்படையானது. பாரன் தீவில் பசால்ட்டும், சற்றே சிலிக்கா கூடிய பசால்ட்டு-ஆண்டிசைட்டும் உள்ளன. ஜப்பானின் புஜி மலையும் பெரும்பாலும் பசால்ட்தான். ஆனால் பாரனிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வடக்கே, அதே தட்டு அமைப்பில், நார்கொண்டம் இருக்கிறது. அங்குள்ள பாறைகள் ஆண்டிசைட்டும் அதைவிடச் சிலிக்கா கூடிய டேசைட்டும். கையில் எடுத்துப் பார்த்தாலே சாம்பல் நிறப் பாறைக்குள் கரிய ஊசிகள்போல ஆம்பிபோல் படிகங்கள் தெரியும். உங்கள் ஊரிலேயே இரண்டும் இருப்பதால், ஒன்று எப்படி மற்றொன்றாக மாறலாம் என்பதைப் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது.

நூறு பங்கு பசால்ட் குழம்பை எடுத்துக்கொள்வோம், அதில் சிலிக்கா 50 விழுக்காடு. அது மேலோட்டின் அடியில் தங்கிக் குளிர்கிறது, நாற்பது பங்கு படிகமாகி அடியில் தங்கிவிடுகிறது, மீதி அறுபது பங்கு குழம்பாக மேலே போகிறது. உலர்ந்த குழம்பில் ஆலிவின், பைராக்சீன் ஆகிய கரும்பச்சைக் கனிமங்களோடு வெளிர் நிறக் கனிமமான பிளாஜியோகிளேசும் சீக்கிரமே படிகமாகும். இந்தக் கலவையில் சராசரியாக 48 விழுக்காடு சிலிக்கா இருக்கிறதென வைத்தால், மீதிக் குழம்பின் சிலிக்கா 51 விழுக்காட்டைத்தான் தாண்டும். நாற்பது பங்கு போயும் அது பசால்ட்டாகவே நிற்கிறது. பிளாஜியோகிளேசில் இரும்பு கிட்டத்தட்ட இல்லை என்பதால் மீதிக் குழம்பில் இரும்புதான் கூடிக்கொண்டே போகும்.

நீருள்ள குழம்பின் கதை வேறு. தட்டு அமிழும் இடங்களில் வில்லாக வளைந்து அமைந்த எரிமலைத் தீவுகளின் பசால்ட்டில் சராசரியாக 4 விழுக்காடு நீர் இருக்கிறது, முகட்டு பசால்ட்டில் அது பெரும்பாலும் அரை விழுக்காட்டுக்கும் கீழே. நீர் பிளாஜியோகிளேசின் பிறப்பைத் தள்ளிப்போடுகிறது. அந்தக் குழம்பு ஆக்சிஜனேற்றம் மிகுந்ததாகவும் இருப்பதால் இரும்பு ஆக்சைடுக் கனிமமான மேக்னடைட் சீக்கிரம் தோன்றுகிறது, ஆழத்தில் ஆம்பிபோலும் சேர்ந்துகொள்கிறது. மேக்னடைட்டில் சிலிக்காவே இல்லை, ஆம்பிபோலில் நாற்பதை ஒட்டி. நாற்பது பங்கில் நான்கு பங்கு மேக்னடைட், மீதி 36 பங்கின் சராசரி 42 விழுக்காடு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மீதிக் குழம்பில் 58 விழுக்காடு வரும். அது ஆண்டிசைட். அதே அளவு படிகம்தான் நீங்கியது, எந்தக் கனிமம் நீங்கியது என்பதுதான் மாறியது. உண்மையில் கனிமங்கள் படிப்படியாக மாறி மாறித் தோன்றும், இது எளிமையாக்கிய கணக்கு. ஆனால் திசை இதுதான்.

தேர்வாளன்: ஆண்டிசைட் எரிமலை ஏன் அதிகம் வெடிக்கிறது என்பதற்கும் இதே பதில்தானா? போட்டித் தேர்வில் கேட்டிருந்தார்கள்.

நுண்சீவல்: அது வேறு கேள்வி. அதற்கும் நீர்தான் பாதி விடை, மற்றொரு பாதி குழம்பின் பிசுபிசுப்பு. தனி இழையில் கேளுங்கள்.

கலப்புக்கட்சி: நுண்சீவல் அவர்களின் கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் பாறையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் அது தெரிவதில்லை. படிகங்கள் வளரும்போது சுற்றியிருந்த குழம்பின் துளிகளை உள்ளே சிறைப்பிடித்து வைக்கின்றன. ஆண்டிசைட் எரிமலைகளில் அந்தத் துளிகளை அளந்தால், பெரும்பாலானவை ஒன்று பசால்ட்டை ஒட்டியும், இல்லாவிட்டால் சிலிக்கா மிக அதிகமுள்ள ரையோலைட்டை ஒட்டியும் இருக்கின்றன. நடுவில் ஆண்டிசைட் குழம்பு வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. அமெரிக்காவின் ஹூட் மலையைப் பாருங்கள், அது கக்குவது ஏறத்தாழ முழுக்க முழுக்க ஆண்டிசைட். அங்கும் பிளாஜியோகிளேஸ் படிகங்கள் இரு வேறு சூழல்களில் வளர்ந்தவை. சிலவற்றின் நடுப்பகுதி சல்லடைபோல் அரிக்கப்பட்டு, விளிம்பில் மட்டும் கால்சியம் மிகுந்த புதிய அடுக்கு பூத்திருக்கிறது. குளிர்ந்த, சிலிக்கா மிகுந்த குழம்புக்குள் சூடான பசால்ட் பாய்ந்ததன் அடையாளம் அது. ஆண்டிசைட் என்பது பெரும்பாலும் கலவையின் சராசரியே தவிர, ஒரு காலத்தில் ஆழத்தில் இருந்த குழம்பு அல்ல. நார்கொண்டத்தின் பாறைகளிலும் கலப்பின் அடையாளங்கள் இல்லாமல் இல்லை.

நுண்சீவல்: கலப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் கலப்புக்கு இரண்டு முனைகள் வேண்டும், சிலிக்கா மிகுந்த முனை எங்கிருந்து வந்தது? நீரோடு கூடிய படிகமாதல் இன்னும் நீண்டால் கிடைப்பதே அது. படிகப் பிரிவில்லாமல் கலப்பு மட்டும் ஆண்டிசைட்டைத் தொடங்கிவைக்க முடியாது. துளிகளில் ஆண்டிசைட் குறைவாக இருப்பதற்கும் இன்னொரு விளக்கம் உண்டு. நீர் மிகுந்த குழம்பு மேலேறும்போது நீர் வெளியேறி, விரைவாகப் படிகமாகி, எஞ்சிய திரவம் ரையோலைட்டை நோக்கி ஓடிவிடுகிறது. துளிகள் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சிறைப்படுகின்றன.

கலப்புக்கட்சி: அல்லது மேலோடே உருகியிருக்கலாம். மத்திய ஆண்டீஸில் மேலோட்டின் தடிப்பு 70 கிலோமீட்டர் வரை போகிறது, அங்கே பசால்ட் அரிது. மரியானா போன்ற மெல்லிய மேலோட்டில் பசால்ட் தாராளமாகக் கிடைக்கிறது. நீர் இரு இடங்களிலும் இருக்கிறது, ஆகவே நீரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. தடித்த மேலோடு பசால்ட்டைத் தடுத்து நிறுத்துகிறது, சூடேறித் தானும் உருகிக் கலக்கிறது.

நுண்சீவல்: தடுத்து நிறுத்துகிறது என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். தங்கிக் குளிர நேரமும் இடமும் இருந்தால்தான் நான் சொன்ன கணக்கே நடக்கும். புஜியும் பாரனும் பசால்ட்டாக இருப்பதில், குழம்பு வழியில் அதிகம் தங்காமல் மேலேறியதும் ஒரு காரணமாக இருக்கலாம். மேலோடு உருகும் பங்கு எவ்வளவு என்பது எரிமலைக்கு எரிமலை மாறுகிறது. ஆண்டீஸில் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகள் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. கடலுக்கு நடுவே உள்ள வளைவுகளில் மேலோடும் இளமையான பசால்ட்டாகவே இருப்பதால் ஐசோடோப்பால் பிரித்தறிய முடிவதில்லை, சண்டை அங்கேதான் நடக்கிறது.

கடலடி: அப்படியானால் தட்டு உருகுவதே கிடையாதா?

நுண்சீவல்: உண்டு. இளமையான, சூடான தட்டு இறங்கும் இடங்களில் அது உருகுவதை ஏற்கிறார்கள். அலூஷியன் தீவுகளில் உள்ள அடாக் தீவின் பெயரால் அடக்கைட் என்று அந்தப் பாறைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மேன்டிலிலிருந்து நேராகவே ஆண்டிசைட் வந்த இடமும் ஒன்று உண்டு, ஜப்பானின் செட்டோஉச்சியில் சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது, மக்னீசியம் மிகுந்தது. நீங்கள் சொன்னது இத்தகைய இடங்களுக்குப் பொருந்தும், பொதுவிதியாக அல்ல.

போர்ட் பிளேர்வாசி: பாரனிலும் நீர் இருந்தது என்று பசால்ட்டைப் பார்த்தே கண்டுபிடிக்க வழியுண்டா?

நுண்சீவல்: உண்டு. பாரன் தீவின் பிளாஜியோகிளேஸ் படிகங்கள் பல மிகவும் கால்சியம் மிகுந்தவை. குழம்பில் நீர் கூடும்போது பிளாஜியோகிளேஸ் கால்சியம் பக்கம் சாயும். ஆகவே தொடக்கக் குழம்பில் கணிசமான நீர் இருந்திருக்க வேண்டும். வெளியில் கருப்புப் பசால்ட்டாகத் தெரிந்தாலும் அது ஹவாயின் பசால்ட் அல்ல.

கலப்புக்கட்சி: ஆக்சிஜனேற்றம் எங்கிருந்து வந்தது என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை. தட்டிலிருந்து ஏறிய நீர்மம் கொண்டுவந்ததா, மேலே வந்த பிறகு படிகமாதலால் ஏற்பட்டதா?

நுண்சீவல்: இரு தரப்புக்கும் ஆய்வகச் சான்றுகள் உள்ளன. நான் முதல் தரப்பின் பக்கம் சாய்கிறேன், ஆனால் மேக்னடைட் எவ்வளவு சீக்கிரம் தோன்றும் என்பதே இதைப் பொறுத்தது என்பதால், என் கணக்கில் அந்த நான்கு பங்கு எனக்கும் முழு உறுதியில்லாத எண்தான்.