‘மினி-பேட்ச்’ : சிறுதொகுதியா, ஈடா?

மலர்விழி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, நரம்பு வலைப்பின்னல்களைப் பயிற்றுவிப்பது பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்த்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஓர் இயலின் தலைப்பிலேயே சிக்கிக்கொண்டேன். தரவு முழுவதையும் பார்த்த பிறகுதான் ஓர் அடி வைப்பது என்றில்லாமல், அதில் சிலவற்றை மட்டும் எடுத்து, பிழை எப்பக்கம் குறையும் என்று காட்டும் சராசரிச் சரிவை அவற்றிலிருந்து கணக்கிட்டு, எடைகளை உடனே திருத்துகிறோம். ஆங்கிலத்தில் ‘மினி-பேட்ச்’ எனப்படும் அந்தச் ‘சில’வுக்குத்தான் தமிழ்ப் பெயர் வேண்டும்.

இதுவரை ‘சிறுதொகுதி’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு வாக்கியம் இப்படி வந்து நிற்கிறது: ‘கற்றல் வீதத்தைத் தொகுதி அளவால் வகுத்த பின்னம் எவ்வளவோ, அவ்வளவுக்கு இரைச்சல் இருக்கும், தொகுதி, பின்னத்தின் பகுதியில் இருப்பதால் அது பெருகப் பெருக இரைச்சல் குறையும்.’ பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. என் வாக்கியத்திலோ தொகுதி பகுதியில் இருக்கிறது. மாணவர்கள் என்னைச் சும்மா விடுவார்களா?

வேதமூர்த்தி எழுதியது:

இதற்கு எதற்குப் புதுச்சொல் என்று புரியவில்லை. வங்கிக் கணினிப் பிரிவில் நான் இருந்த காலத்திலிருந்தே ‘தொகுதிச் செயலாக்கம்’ வழக்கில் உள்ளது. பகலில் சேரும் கணக்குகளை இரவில் மொத்தமாக ஓட்டுவோம். ஆயிரம் ஆயிரமாக ஓட்டினால் சிறுதொகுதி, அவ்வளவுதான்.

ரஃபீக் எழுதியது:

வேதமூர்த்தி ஐயா, ஒரு வேறுபாடு இருக்கிறது. உங்கள் கணக்குகளை ஆயிரமாக ஓட்டினாலும் பத்தாயிரமாக ஓட்டினாலும் காலையில் இருப்புத்தொகை ஒன்றாகத்தான் இருக்கும். இங்கே அளவை மாற்றினால் விடையே மாறிவிடுகிறது. வேலையைப் பிரித்துக்கொள்ளும் வசதி மட்டுமாக இருந்தால் மலர்விழி நம்மைக் கேட்டிருக்க மாட்டார்.

50,000 படங்கள் உள்ள ஒரு பயிற்சித் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். 128 படங்களாக எடுத்தால் ஒரு சுற்றுக்கு 391 அடிகள். 2048 படங்களாக எடுத்தால் 25 அடிகள்தான். அளவு 16 மடங்கு ஆகியிருக்கிறது. ஆனால் சரிவில் உள்ள இரைச்சல் 4 மடங்குதான் குறையும், ஏனென்றால் சராசரியின் தடுமாற்றம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின்படியே குறைகிறது. பதினாறு பங்கு உழைப்பைக் கொடுத்து நான்கு பங்கு தெளிவை வாங்குகிறோம். வரைகலைச் செயலி அந்தப் பதினாறையும் ஒரே மூச்சில் செய்யும் வரையில் நேரத்தில் இழப்பு தெரியாது. அதன் கொள்ளளவு நிரம்பிவிட்டால் தெரியும்.

எனவே சொல் எதுவானாலும், ‘இவ்வளவு எடுத்தோம், ஓர் அடி வைத்தோம்’ என்ற பொருள் அதில் இருக்க வேண்டும். மூட்டை கட்டி வைத்திருப்பது போன்ற பொருள் மட்டும் வரக்கூடாது.

பொன்னம்பலம் எழுதியது:

ரஃபீக் கேட்ட பொருள் ஒரு சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது: ஈடு. படு பாடாகிறது, கெடு கேடாகிறது, சுடு சூடாகிறது. அதுபோல இடு ஈடாகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஒரே தடவையில் இட்டு எடுக்கும் அளவே ஈடு. ஒரு ஈடு, இரண்டு ஈடு என்று சமையலறையில் எண்ணாத வீடு உண்டா? இடுவதும் எடுப்பதும் முடிந்த பின்புதான் அடுத்த ஈடு. தொகுதிக்கு இந்தச் செயல்தன்மை இல்லை. அது தொகுத்து வைத்த பொருள், அவ்வளவே. வைணவ உரை மரபிலும் இச்சொல்லுக்குத் தனிப் பெருமை உண்டு. அதைப் பற்றித் தனி மடலே எழுதலாம்.

அளவைக் குறிக்க ‘ஈட்டளவு’ என்க. நெடிற்றொடர்க் குற்றியலுகரம், வேற்றுமையில் டகரம் இரட்டிக்கும். ‘ஈடளவு’ என்று எழுதுவது பிழை.

சுகந்தி எழுதியது:

பொன்னம்பலம் ஐயாவின் இலக்கணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வகுப்பில் நிற்பவள் நான். ‘ஈட்டளவு’ என்று எழுதினால் பாதிப் பேர் ஈட்டிய வருமானம் என்று படிப்பார்கள், மீதிப் பேர் ஈட்டியை நினைப்பார்கள். ‘பெரிய ஈடு வைத்தால் நினைவகம் போதாது’ என்றால் நகையை அடகு வைப்பது போல இருக்கிறது. ‘சரிவு’ என்ற சொல்லுக்கே நான் இன்னும் பழகவில்லை. இலங்கைப் பாடநூல்களில் அது படித்திறன். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

குமரன் எழுதியது:

நான் மாணவன். சொல் விவாதத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பெரிய தொகுதி பொதுமைப்பாட்டை, அதாவது பார்க்காத தரவிலும் சரியாக விடை சொல்வதை, கெடுக்கும் என்று படித்திருக்கிறேன், நேரிலும் பார்த்தேன். 128இலிருந்து 2048க்கு மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. அதே 30 சுற்றுகள். சோதனைத் துல்லியம் நன்றாகவே விழுந்துவிட்டது. எனவே ‘சிறு’ என்ற முன்னொட்டு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சிறிதாக இருப்பதே அதன் பயன்.

ரஃபீக் எழுதியது:

குமரன், ஒரு கேள்வி. பயிற்சித் தரவிலேயே பிழை எவ்வளவு இருந்தது?

குமரன் எழுதியது:

இப்போதுதான் பதிவைத் திறந்து பார்த்தேன். அதுவும் அதிகமாகத்தான் இருக்கிறது. முன்பு கிட்டத்தட்ட அடிமட்டத்தைத் தொட்டிருந்தது. இம்முறை பாதி வழியிலேயே நிற்கிறது.

ரஃபீக் எழுதியது:

அப்படியானால் அது பொதுமைப்பாட்டுக் குறை அல்ல. உங்கள் வலைப்பின்னல் இன்னும் கற்றே முடிக்கவில்லை. முன்பு 30 சுற்றில் 11,730 அடிகள் நடந்தது. இப்போது 750 அடிகள். கற்றல் வீதத்தை மாற்றாததால் ஒவ்வோர் அடியின் நீளமும் பழையதே. பதினாறில் ஒரு பங்கு அடிகளை வைத்துவிட்டு ஊர் வந்து சேரவில்லையே என்றால் எப்படி? பயிற்சிப் பிழை இரண்டிலும் சமமாக இறங்கி, சோதனையில் மட்டும் பெரியது பின்தங்கினால்தான் நீங்கள் படித்த குற்றச்சாட்டை அதன்மேல் வைக்கலாம்.

அளவைப் பெருக்கும்போது வீதத்தையும் அதே மடங்கு பெருக்குவது வழக்கம். 2017இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 256ஐ 8192 ஆக்கியபோது வீதத்தை 0.1இலிருந்து 3.2 ஆக்கினார்கள். ஆனால் எடுத்த எடுப்பிலேயே 3.2 வைத்தால் பிழை கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். எனவே முதல் 5 சுற்றுகளில் வீதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 256 செயலிகளில் ஒரு மணி நேரத்தில் பயிற்சி முடிந்தது, துல்லியமும் குறையவில்லை. 8192ஐத் தாண்டிப் பெருக்கியபோது அவர்களுக்கும் கெடத்தான் செய்தது.

பொன்னம்பலம் எழுதியது:

பெரிய ஈடு துல்லியமான சரிவைத் தருகிறது என்றால் அதுதானே மேல்? பிசகான வழிகாட்டியை விரும்பித் தேடுவது என்ன நியாயம்? மேலும் ‘இரைச்சல்’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. இங்கே காதில் விழுவது எதுவும் இல்லை.

ரஃபீக் எழுதியது:

பாதி சரி, ஐயா. துல்லியத்துக்கு விலை உண்டு. எந்த இடத்தில் விலை மிஞ்சுகிறது என்பதை அளந்துவிடலாம். எடைகளை ஒரே நிலையில் நிறுத்தி வைத்து, 32 படங்கள் கொண்ட பல தொகுதிகளில் சரிவின் நீளத்தின் வர்க்கத்தைக் கணக்கிட்டுச் சராசரி எடுங்கள். பிறகு 512 படங்களுக்கும் அப்படியே. இரைச்சலும் நீளத்தில் சேர்ந்துகொள்வதால் சிறிய தொகுதியின் எண் எப்போதும் பெரிதாக வரும். கீழே B தொகுதி அளவு, g_B அந்தத் தொகுதி தரும் சரிவு, G உண்மைச் சரிவு, S ஒரே ஒரு படத்தின் சரிவில் உள்ள இரைச்சலின் வர்க்கம்:

```
|g_B|² ≈ |G|² + S/B
5.00 = |G|² + S/32
1.25 = |G|² + S/512
```

இவை வகுப்பில் கணக்குக் காட்ட நான் வைத்துக்கொண்ட எண்கள். தீர்த்தால் `S = 128`, `|G|² = 1`. இரண்டின் விகிதம் 128. அதாவது 128 படங்கள் அளவில் உண்மைச் சரிவும் இரைச்சலும் சமபலம். 16 படங்களில் நின்றால், இதே வர்க்கக் கணக்கில், இரைச்சல் எட்டு மடங்கு. அங்கே அளவை இரட்டித்தால் அடிகள் ஏறக்குறையப் பாதியாகும், அது லாபம். 1024இலிருந்து 2048க்குப் போனால் அடிகள் சிறிதே குறையும், உழைப்போ இரட்டிக்கும். பயிற்சி முன்னேற முன்னேற உண்மைச் சரிவு சிறுத்துவிடுவதால் இந்த 128 ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் அளந்ததைக் கடைசி வரை நம்பக்கூடாது.

இரைச்சல் நன்மை செய்கிறதா என்பது வேறு விஷயம். பிழையின் நிலப்பரப்பில் உள்ள குறுகிய பள்ளங்களில் எடைகள் ஒடுங்கிவிடாமல் அது உதறிவிடுகிறது, அகன்ற பள்ளத்தில் நிற்கும் வலைப்பின்னல் புதிய தரவைத் தாங்கும் என்று 2016இல் ஒரு சாரார் எழுதினார்கள். எடைகளின் அளவுகோலை மாற்றினாலே, வலைப்பின்னல் தரும் விடை மாறாமல், பள்ளம் குறுகிவிடும். எனவே அகலத்தை வைத்து மட்டும் எதையும் சொல்ல முடியாது என்று அடுத்த ஆண்டே மறுப்பும் வந்தது. என் அனுபவத்தில் சிறியதும் நடுத்தரமானதும் முரண்டு பிடிப்பதில்லை. இதை விதியாக எழுத மாட்டேன்.

சுகந்தி எழுதியது:

இந்த மடலைப் படித்த பிறகு ‘சிறு’ வேண்டாம் என்று தோன்றுகிறது. 8192 படங்களைச் சிறுதொகுதி என்று எந்த வாயால் சொல்வது? சிறிது என்பது முழுத் தரவோடு ஒப்பிட்டுத்தான். ‘தொகுதி’ என்றே வைத்து, முழுவதையும் எடுக்கும்போது ‘முழுத்தொகுதி’ என்று சொன்னால் என்ன?

வேதமூர்த்தி எழுதியது:

நான் முதலிலேயே தொகுதி என்றுதானே சொன்னேன்?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. தலைப்பில் ‘சிறுதொகுதி’, உள்ளே பெரும்பாலும் ‘தொகுதி’ என்று வைத்துவிட்டேன். பின்ன வாக்கியத்தை ‘கற்றல் வீதத்தைத் தொகுதி அளவால் வகுக்க’ என்பதோடு நிறுத்தி, பகுதியை வெட்டிவிட்டேன். இரைச்சல் அப்படியே இருக்கட்டும். வானொலிக் காலத்திலிருந்து பழகிய சொல்.

பொன்னம்பலம் எழுதியது:

பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படவில்லை. என் கட்டுரைகளில் ஈடு என்றே எழுதுவேன்.

குமரன் எழுதியது:

வீதத்தை 16 மடங்காக்கி, முதல் சில சுற்றுகளில் மெல்ல ஏற்றி, மறுபடி ஓட்டினேன். பயிற்சிப் பிழை பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. சோதனையில் இன்னும் கொஞ்சம் பின்தங்குகிறது. அது ஏன் என்று தெரியவில்லை.

இன்னொரு சந்தேகம். 50,000ஐ 128ஆல் வகுத்தால் 390 முழுத் தொகுதிகள் போகக் கடைசியில் 80 படங்கள் மிஞ்சுகின்றன. `drop_last=True` என்றால் அதை விட்டுவிடும், இல்லையென்றால் மற்றவற்றைவிட இரைச்சலான ஓர் அடி. அந்த அரைகுறைத் தொகுதிக்கு என்ன பெயர்?

பொன்னம்பலம் எழுதியது:

எச்சம். இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.